எக்ஸ்பைரி நாளில் 25,000 இழுக்குமா?

2024 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை. பேங்க் நிஃப்டி 48,125-ல் முடிந்திருந்தது. மறுநாள் அதன் வாராந்தர ஆப்ஷன்களுக்கு எக்ஸ்பைரி. முந்தைய சில நாள்களாகக் குறியீடு 47,500-ஐயும் 48,000-ஐயும் ஒட்டியே நடமாடியதால், ஆப்ஷன் வாங்கியவர்கள், விற்றவர்கள் எல்லோருடைய பொசிஷன்களும் அந்தப் பகுதியிலேயே குவிந்திருந்தன. எக்ஸ்பைரிக்கு முந்தைய மாலையில் 'மேக்ஸ் பெயின்' பார்த்துவிட்டு மறுநாள் வியாபாரத்தைத் திட்டமிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தக் கணக்கு அன்று அவர்களை அந்த வட்டாரத்தைத் தாண்டி யோசிக்க விட்டிருக்காது.

அன்று மாலை எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவு வந்தது. புதன்கிழமை காலை பேங்க் நிஃப்டி 46,574-ல் திறந்தது, 46,064-ல் முடிந்தது. ஒரே நாளில் 2,060 புள்ளிகள் போயின. 'எப்படியும் மேலே இழுத்துவிடும்' என்று நம்பி 47,500 புட் விற்றவருக்கு எக்ஸ்பைரியில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 1,435 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும். அப்போது ஒரு லாட் 15 யூனிட். பத்து லாட் விற்றிருந்தால், வாங்கிய பிரீமியத்தைக் கழிப்பதற்கு முன் 2 லட்சத்து 15 ஆயிரம் ரூபாய் இழப்பு.

ஒரு பெரிய செய்தி வந்த நாளை வைத்து ஒரு கோட்பாட்டையே எடைபோடுவது நியாயமில்லைதான். செய்தி ஏதும் இல்லாத சாதாரண எக்ஸ்பைரி நாள்களில் இந்தக் கோட்பாடு எவ்வளவு தேறும் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும்.

கணக்கு எளிமையானது. நிஃப்டியில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் எத்தனை கால், எத்தனை புட் முடிக்கப்படாமல் நிற்கின்றன என்பதை என்எஸ்இ வெளியிடுகிறது. அதுதான் ஓப்பன் இன்ட்ரஸ்ட். நிஃப்டி ஒரு குறிப்பிட்ட புள்ளியில் முடிந்தால், ஆப்ஷன் விற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று ஸ்ட்ரைக் ஸ்ட்ரைக்காகக் கூட்டிப் பார்ப்பார்கள். எந்தப் புள்ளியில் அந்தத் தொகை மிகக் குறைவோ, அதுவே மேக்ஸ் பெயின். விற்றவர்களுக்கு நஷ்டம் குறைவு என்றால் வாங்கியவர்களுக்கு வலி அதிகம். பெயர் அதனால் வந்தது.

விளக்கத்துக்காக ஒரு சின்னப் பட்டியலைக் கற்பனை செய்துகொள்ளலாம். 24,800, 24,900, 25,000, 25,100, 25,200 என்று ஐந்தே ஸ்ட்ரைக். கால் ஆப்ஷன்கள் முறையே 10, 20, 60, 80, 90 லாட். புட்கள் 70, 60, 50, 20, 10 லாட். நிஃப்டி 25,000-ல் முடிந்தால் என்ன ஆகும்? 24,800 கால் 200 புள்ளி லாபத்தில் இருக்கும், 24,900 கால் 100 புள்ளி லாபத்தில் இருக்கும். நூறு புள்ளியை ஓர் அலகாக வைத்தால், கால் விற்றவர்கள் கொடுப்பது 20-ம் 20-ம் சேர்த்து 40 அலகு. மேலே 25,100, 25,200 புட்களுக்காகவும் அதே 40. ஆக 80. இதே கணக்கை 24,900-க்குப் போட்டால் 130 வருகிறது, 25,100-க்கு 140, 24,800-க்கு 260. எனவே மேக்ஸ் பெயின் 25,000.

இந்தக் கூட்டலைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு ஓர் உண்மை பிடிபடும். 25,000 ஏன் வென்றது? அதற்குக் கீழே நிற்கும் கால்களின் எண்ணிக்கை 30, மேலே நிற்கும் புட்களின் எண்ணிக்கையும் 30. தராசு சமமாக நிற்கும் இடத்தைத்தான் கணக்கு கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். சரி, தராசு ஏன் அங்கே சமமாக நிற்கிறது? பொதுவாக மக்கள் கால்களை அன்றைய விலைக்கு மேலும் புட்களை அன்றைய விலைக்குக் கீழும்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஆகவே பொசிஷன்கள் போடப்பட்ட நாள்களில் நிஃப்டி எங்கே இருந்ததோ, மேக்ஸ் பெயினும் ஏறத்தாழ அங்கேயே வந்து உட்காரும். நிஃப்டி 200 புள்ளி ஏறி அங்கேயே நிலைத்தால், புதிய பொசிஷன்கள் புதிய விலையைச் சுற்றி முளைக்கும். ஓரிரு நாளில் மேக்ஸ் பெயினும் மேலே நகரும். விலை அதைத் தேடிப் போகிறதா, அது விலையின் பின்னால் வருகிறதா என்பதைச் செவ்வாய்க்கிழமை மாலை இரண்டும் அருகருகே நிற்பதைப் பார்த்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

'போன வாரம் மேக்ஸ் பெயினுக்கு நாற்பது புள்ளிக்குள் முடிந்தது' என்று பெருமையாகச் சொல்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. முந்தைய நாள் மாலை நிஃப்டி எங்கே இருந்தது, அன்றைய மேக்ஸ் பெயின் எங்கே இருந்தது, மறுநாள் எக்ஸ்பைரி எங்கே முடிந்தது? மூன்றையும் வாராவாரம் ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். மேக்ஸ் பெயினை விட, 'நேற்று இருந்த இடத்திலேயே முடியும்' என்ற வெறும் ஊகம் அதே அளவு அருகில் வருகிறது என்றால், அந்த எண்ணில் கூடுதல் தகவல் எதுவுமில்லை. எக்ஸ்பைரி நாள் பிற்பகலில் கணக்குப் போட்டு, அன்று மாலை ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது சோதனையே ஆகாது. அதற்குள் மேக்ஸ் பெயின் விலையோடு சேர்ந்து வந்துவிட்டிருக்கும்.

கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 25,000 காலை 300 ரூபாய் பிரீமியத்துக்கு விற்றவருக்கு நிஃப்டி 25,300-ஐத் தாண்டும்வரை வலியே கிடையாது. அதே காலை எக்ஸ்பைரி நாள் காலையில் 40 ரூபாய்க்கு விற்றவர் 25,040-லேயே துடிக்கத் தொடங்குவார். ஓப்பன் இன்ட்ரஸ்டில் இருவரும் ஒரே லாட்டாகத்தான் தெரிகிறார்கள். விற்ற காலுக்கு ஈடாக ஃபியூச்சர்ஸ் வாங்கி வைத்திருப்பவரும் அதில் இருக்கிறார். அவருக்கு நிஃப்டி எங்கே முடிந்தாலும் பெரிய கவலையில்லை.

இருந்தும் மேக்ஸ் பெயின் மீதான நம்பிக்கை குறையாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு டெரிவேட்டிவ் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அதே ஆய்வில், 2023-24-ல் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் பல்லாயிரம் கோடி லாபம் பார்த்தது தெரிந்தது. பணத்தை இழந்தவர், 'பெரிய ஆள்கள் விலையைத் தங்களுக்கு வசதியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆப்ஷன் வாங்குபவர் தோற்க யாரும் நிஃப்டியை எந்தப் புள்ளிக்கும் இழுத்துவர வேண்டியதில்லை. கொடுத்த பிரீமியம் கரைவதும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் கட்டும் கட்டணங்களும் வரியுமே போதும்.

மேக்ஸ் பெயினுக்கு இல்லாத ஒரு பலம் டீலர் காமா என்ற இரண்டாவது கருத்துக்கு உண்டு. இதற்குப் பின்னால் உண்மையான இயக்கம் இருக்கிறது.

ஆப்ஷன் சந்தையில் எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்கும் பெரிய நிறுவனங்களே டீலர்கள். நிஃப்டி ஏறுமா இறங்குமா என்ற பந்தயத்தில் அவர்களுக்கு விருப்பமில்லை. ஆகவே ஆப்ஷனில் எடுத்த பொசிஷனுக்கு எதிராக ஃபியூச்சர்ஸில் சரிக்கட்டிக்கொள்வார்கள். எவ்வளவு சரிக்கட்ட வேண்டும் என்பதை டெல்டா சொல்லும். நிஃப்டி 25,000-ல் நிற்கும்போது 25,000 காலின் டெல்டா ஏறத்தாழ 0.5. நிஃப்டி நகரும்போது இந்த டெல்டா எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே காமா. எக்ஸ்பைரிக்கு ஒரு மாதம் இருக்கும்போது 50 புள்ளி ஏற்றத்தில் டெல்டா அவ்வளவாக அசையாது. எக்ஸ்பைரிக்கு ஒரு மணி நேரமே இருக்கும்போது அதே 50 புள்ளி டெல்டாவை 0.5-லிருந்து சுமார் 0.75-க்குத் தூக்கிவிடும்.

இப்போது ஒரு டீலர் 25,000 காலை 100 லாட் வாங்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். சரிக்கட்ட அவர் 50 லாட் ஃபியூச்சர்ஸ் விற்றிருப்பார். நிஃப்டி 50 புள்ளி ஏறியதும் அவர் 75 லாட் விற்றிருக்க வேண்டும். எனவே 25 லாட் கூடுதலாக விற்கிறார். நிஃப்டி திரும்ப இறங்கினால் அந்த 25-ஐயும் வாங்கிவிடுகிறார். ஏறினால் விற்பனை, இறங்கினால் கொள்முதல். விலை 25,000-லேயே ஒட்டிக்கொள்ள இது உதவும்.

அதே 100 லாட்டை அவர் விற்றிருந்தால் எல்லாம் தலைகீழ். நிஃப்டி ஏறினால் 25 லாட் வாங்கியாக வேண்டும், இறங்கினால் விற்றாக வேண்டும். ஏற்றத்தை இன்னும் ஏற்றும், இறக்கத்தை இன்னும் இறக்கும். 25,000 அப்போது விலையைத் தன்னைவிட்டு வெளியே தள்ளும்.

இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இரண்டு நிலைமையிலும் ஓப்பன் இன்ட்ரஸ்ட் பட்டியலில் தெரிவது ஒரே எண்: 100 லாட். வாங்கியவர் டீலரா, விற்றவர் டீலரா என்பதை அந்த எண் சொல்வதில்லை. கால், புட், லாங், ஷார்ட் எனப் பிரித்து, தனிநபர்கள், உள்நாட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், சொந்தக் கணக்கு வியாபாரிகள் என நான்கு பிரிவுக்கும் என்எஸ்இ ஒவ்வொரு நாளும் கணக்கு வெளியிடுவது உண்மை. ஆனால் அது எல்லாக் குறியீட்டு ஆப்ஷன்களுக்குமான மொத்தத் தொகை. 25,000 ஸ்ட்ரைக்கில் யார் எந்தப் பக்கம் என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாது. டீலர் காமா வரைபடம் தயாரிக்கும் பலரும் இந்த இடத்தில் ஓர் அனுமானத்தைச் செருகிவிடுகிறார்கள்: கால்களை மக்கள் விற்றார்கள், டீலர் வாங்கினார், புட்களை மக்கள் வாங்கினார்கள், டீலர் விற்றார். அமெரிக்காவில் பங்குகளை வைத்துக்கொண்டு அவற்றின் மேல் கால் விற்கும், பாதுகாப்புக்குப் புட் வாங்கும் நிதி நிறுவனங்கள் அதிகம் என்பதால் அங்கே பிறந்த அனுமானம் அது. எக்ஸ்பைரி நாளில் தனிநபர்கள் கால், புட் இரண்டையும் போட்டி போட்டு வாங்கும் இந்தியச் சந்தையில் அதை அப்படியே வைத்தால், வரைபடத்தின் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படி மாறினால் அது விலையைப் பிடித்து நிறுத்தும் என்று சொல்லும் இடம், விலையைத் தள்ளிவிடும் இடமாக இருக்கும்.

யார் எந்தப் பக்கம் என்ற தரவைக் கையில் வைத்துக்கொண்டே இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நி, பியர்சன், போடஷ்மேன் மூவரும் அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கட்டுரையில், ஆப்ஷன் உள்ள பங்குகளின் விலை எக்ஸ்பைரி நாளில் ஸ்ட்ரைக்குகளை ஒட்டிக் குவிவது உண்மை என்று காட்டினார்கள். டீலர்கள் சரிக்கட்டும் வியாபாரமும், சில நிறுவனங்கள் வேண்டுமென்றே விலையை நகர்த்தியதும் அதற்குக் காரணங்கள் என்றும் சொன்னார்கள். 'காந்தம்' இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் ஆதாரம் இது. ஆனால் அந்த இழுவையின் அளவைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பங்கின் விலையில் ஏற்படும் சராசரி மாற்றம் குறைந்தபட்சம் 0.165 சதவீதம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆயிரம் ரூபாய்ப் பங்கில் 1 ரூபாய் 65 காசு. பல ஆயிரம் பங்குகளின் சராசரியை எடுத்தால்தான் அது தெளிவாகத் தெரிகிறது. ஒரே ஒரு குறியீட்டின் ஒரே ஒரு எக்ஸ்பைரியில், அன்றாட ஏற்ற இறக்கத்தின் சத்தத்துக்குள் அது காணாமல் போய்விடும்.

கோலெஸ், ஜாக்வெர்த் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. எஸ்&பி 500 ஃபியூச்சர்ஸ் மீதான சில ஆப்ஷன்கள் எக்ஸ்பைரி ஆகும் நாளில், ஃபியூச்சர்ஸ் விலை அருகிலிருக்கும் ஸ்ட்ரைக்கை நோக்கி இழுக்கப்பட்டது. அதே எஸ்&பி 500 குறியீட்டின் மீதான ஆப்ஷன்கள் எக்ஸ்பைரி ஆவதற்குச் சற்று முன்போ, விலை ஸ்ட்ரைக்கிலிருந்து விலகித் தள்ளப்பட்டது. அடிப்படைக் குறியீடு ஒன்றேதான். ஆனால் எந்த ஆப்ஷனை யார் வைத்திருந்தார்கள் என்பது வேறுபட்டதால் விளைவும் எதிரெதிராக இருந்தது.

யூகம் எவ்வளவு தூரம் பிசகலாம் என்பதற்கு கேம்ஸ்டாப் பங்கு நல்ல உதாரணம். 2021 ஜனவரியில் அந்தப் பங்கு விண்ணைத் தொட்டபோது, கால் விற்ற டீலர்கள் வேறு வழியின்றிப் பங்குகளை வாங்கிக் குவித்ததே காரணம் என்று உலகமே பேசியது. 'காமா ஸ்க்வீஸ்' என்ற சொல் அப்போதுதான் பலரது வாயிலும் புழங்கத் தொடங்கியது. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் ஊழியர்கள் அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டார்கள். ஆப்ஷன் வியாபாரம் பெருகியதற்கு முக்கியக் காரணம் மக்கள் கால் வாங்கியதைவிடப் புட் வாங்கியதே என்றும், டீலர்கள் கால்களை விற்கவில்லை, வாங்கினார்கள் என்றும் தரவுகள் காட்டின. காமா ஸ்க்வீஸுக்கான சான்று கிடைக்கவில்லை என்றே அறிக்கை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் டீலரைத் தவறான பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

நம் சந்தையில் இன்னொரு தனித்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. 2025 வரை நிலவிய முறைப்படி நிஃப்டியின் இறுதித் தீர்வு விலை 3.30 மணிக்குத் திரையில் தெரியும் கடைசி எண் இல்லை. 3.00 முதல் 3.30 வரை நடந்த வியாபாரத்தில் 50 பங்குகளின் எடையிட்ட சராசரி விலைகளைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. 3.20 மணி ஆகும்போது அந்தச் சராசரியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முடிவாகிவிட்டிருக்கும். அதன்பின் நிஃப்டி 60 புள்ளி துள்ளினாலும் தீர்வு விலை சுமார் 20 புள்ளிதான் நகரும். ஆகவே கடைசி நிமிடங்களில் டீலர் சரிக்கட்ட வேண்டிய அளவும் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசி நொடி விலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சந்தைக்காக எழுதப்பட்ட 'கடைசி நிமிட இழுவை' விளக்கங்கள் இங்கே வலுவிழப்பதற்கு இது ஒரு காரணம். 3.29-க்கு 25,000-ஐத் தொட்டுவிட்டது என்று கொண்டாடியவர், தீர்வு விலை 24,970 என்று வந்ததைக் கண்டு திகைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் எக்ஸ்பைரி நாளில் யாரும் விலையை நகர்த்துவதே இல்லையா? நகர்த்தினார்கள் என்ற பெரிய குற்றச்சாட்டு தொடக்கத்தில் சொன்ன அதே 2024 ஜனவரி 17-ஐப் பற்றியது. 2025 ஜூலை 3-ல் செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவின்படி, ஜேன் ஸ்ட்ரீட் குழுமம் அன்று காலை, எச்டிஎஃப்சி வங்கி முடிவால் சரிந்திருந்த சந்தையில் பேங்க் நிஃப்டி பங்குகளையும் ஃபியூச்சர்ஸையும் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே நேரம் ஆப்ஷனில் அதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் பொசிஷன்களைக் கட்டியது. பிறகு நண்பகலுக்குச் சற்று முன்பிருந்து வாங்கியதை விற்றுத் தள்ளியது. அன்று ஆப்ஷனில் மட்டும் 735 கோடி ரூபாய் லாபம் என்கிறது உத்தரவு. நிறுவனம் இதை மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

செபி சொல்வது அப்படியே சரி என்று வைத்துக்கொண்டாலும், அது மேக்ஸ் பெயின் கோட்பாட்டுக்குச் சாதகமாக இல்லை. அந்தக் குற்றச்சாட்டில் விலை போனது ஆப்ஷன் விற்றவர்கள் அனைவருக்கும் வசதியான ஒரு நடுப்புள்ளிக்கு இல்லை. ஒரே ஒரு நிறுவனத்தின் சொந்தப் பொசிஷனுக்கு எது லாபமோ, அந்தத் திசைக்கு. அந்தப் பொசிஷன் என்ன என்பது ஓப்பன் இன்ட்ரஸ்ட் பட்டியலைப் பார்த்த எவருக்கும் அன்று காலை தெரிந்திருக்க முடியாது. 4,370 கோடியைக் கொட்டியும் குறியீடு அன்று மாலை காலைத் தொடக்கத்துக்கும் கீழேதான் முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஆயிரக்கணக்கான தனித்தனி விற்பனையாளர்கள் கூடிப் பேசாமலேயே நிஃப்டியை ஒரு புள்ளியில் கட்டி வைக்கிறார்கள் என்ற எண்ணம் இன்னும் நம்பக் கடினமாகிறது.

யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் சந்தைக் கண்காணிப்பாளர்களின் கையில் இருக்கிறது. அவர்களும் வெறும் லாட் எண்ணிக்கையை விட்டு நகர்ந்துவிட்டார்கள். 2025 மே மாதச் சுற்றறிக்கை வழியாக ஒவ்வொரு ஆப்ஷனையும் அதன் டெல்டாவைக் கொண்டு ஃபியூச்சர்ஸுக்குச் சமமாக மாற்றிக் கணக்கிடும் முறைக்கு செபி மாறியது. ஒரு நிறுவனத்தின் குறியீட்டு ஆப்ஷன் பொசிஷனுக்கு நாள் முடிவில் நிகரமாக 1,500 கோடி ரூபாய் என்று வரம்பும் வைத்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து வர்த்தக நேரத்துக்குள்ளும் குறைந்தது நான்கு முறை, முன்னறிவிப்பின்றி, நிறுவனங்களின் பொசிஷன்கள் எடுத்துப் பார்க்கப்படுகின்றன. அதில் ஒருமுறையாவது பிற்பகல் 2.45-க்கும் 3.30-க்கும் இடையே பார்க்க வேண்டும் என்பது விதி.